பம்பலப்பிட்டியைத் தாண்டித்தான் பதில் வந்தது

கொழும்பு கோட்டையில் உள்ள சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில், ஏற்றுமதி ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, வாராந்தக் கூட்டத்தில் பதினொரு பேர் இருந்தோம். அதற்கு முந்தின வியாழக்கிழமை ஒரு வாடிக்கையாளரின் கொள்கலன் கப்பலைத் தவறவிட்டிருந்தது. ஏன் என்று பெரியவர் கேட்டார். விற்பனைப் பிரிவு மேலாளர் என் பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார்: "ஆவணம் அவங்க கையிலதான் இருந்தது. அன்றைக்கு வேறு வேலையில பிஸியா இருந்திருப்பாங்க." மூன்று நான்கு பேர் சிரித்தார்கள்.

நான் சொன்ன பதில் ஒரே ஒரு சொல். "சொறி."

செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்பது, கூட்டம் முடிந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது முதல் பதில் வந்தது. அவர் எத்தனை மணிக்கு வேலைக்கு வருகிறார், எத்தனை மணிக்குத் தேநீருக்கு எழும்புகிறார் என்பதைப் பிடித்து, சிரித்த அதே ஆட்களை அவரைப் பார்த்துச் சிரிக்க வைக்கக்கூடிய ஒரு கூரான வசனம். வெள்ளவத்தையில் இறங்கி வீடு போய்ச் சேரும்வரை அதை நாலைந்து விதமாக மெருகேற்றினேன். இரவு பத்தரை போல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது இரண்டாவது பதில் வந்தது. அதில் கூர் எதுவும் இல்லை. "விற்பனைப் பிரிவிலிருந்து விவரம் வந்தது 5.10க்கு. கட்-ஓஃப் 4 மணி."

கட்-ஓஃப் என்பது கப்பல் நிறுவனத்துக்கு ஏற்றுமதி விவரம் கொடுக்க வேண்டிய கடைசி நேரம். அந்த இரண்டு நேரங்களும் எனக்குப் புதிதாகத் தெரியவந்தவை அல்ல. கூட்டத்தில் இருந்தபோதே என் கொப்பியில், என் கைக்குக் கீழேயே எழுதியிருந்தன. தெரிந்த விஷயம் வாய்க்கு வர ஐந்து மணித்தியாலம் எடுத்திருக்கிறது. இது ஏன் என்பதுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி.

இந்த அனுபவத்துக்கு பிரெஞ்சு மொழியில் ஒரு பெயர் இருக்கிறது: படிக்கட்டின் புத்தி. பதினெட்டாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் டிடரோ, நெக்கர் என்பவரின் வீட்டு விருந்தில் யாரோ சொன்ன ஒரு மறுப்புக்குப் பதில் தெரியாமல் வாயடைத்துப் போனார். தன்னைப் போல உணர்ச்சிவசப்படுகிறவன் அந்த நேரத்தில் தலை தடுமாறிவிடுகிறான், படிக்கட்டின் அடிக்கு இறங்கி வந்த பிறகுதான் தெளிகிறான் என்று எழுதிவைத்தார். ஜெர்மன்காரர்களும் இதே படிக்கட்டை வைத்து ஒரு சொல் செய்திருக்கிறார்கள். எழுத்தையும் வாதத்தையுமே தொழிலாகக் கொண்ட மனிதருக்கே அப்படி நடந்திருக்கிறது என்று அறிந்தபோது, இது மந்தபுத்திக்காரரின் நோய் அல்ல என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது வர்ணனைதான். காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டியிருந்தது.

பேச்சில் ஆள் மாறி ஆள் கதைக்கும் நேர இடைவெளியை அளந்திருக்கிறார்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வு, உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த பத்து மொழிகளில் கேள்வி பதில்களை அளந்து பார்த்தது. ஒருவர் கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடையில் சராசரியாக ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. இன்னொரு பக்கம், ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், ஒரே ஒரு சொல்லை எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே ஏறக்குறைய 0.6 செக்கன் பிடிக்கிறது. இந்தக் கணக்கு இடிக்கிறதல்லவா? ஒரு சொல்லுக்கே 0.6 செக்கன் வேண்டும், ஆனால் முழுப் பதிலும் 0.2 செக்கனில் தொடங்கிவிடுகிறது. எப்படி என்றால், மற்றவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் எங்கே போய் முடிக்கப் போகிறார் என்று ஊகித்து, நம் பதிலை உள்ளே கட்டத் தொடங்கிவிடுகிறோம். நாளாந்தப் பேச்சு முழுவதும் இந்த ஊகத்தில்தான் ஓடுகிறது.

குத்தல் பேச்சு உடைப்பது இந்த ஊகத்தைத்தான். அன்று பெரியவர் கேட்டபோது, மேலாளர் கப்பலைப் பற்றியோ வாடிக்கையாளரைப் பற்றியோ சொல்வார் என்று என் மனம் எதிர்பார்த்திருந்தது. அதற்கேற்ற பதிலைத்தான் கட்டிக்கொண்டிருந்தது. அவர் வசனத்தின் கடைசிச் சொல்லில் திசையை மாற்றினார். கட்டியதெல்லாம் வீண். சூனியத்திலிருந்து தொடங்க வேண்டும், ஆனால் எல்லோரும் பழைய வேகத்தில் பதிலை எதிர்பார்த்து முகத்தைப் பார்க்கிறார்கள். அந்த வெற்றிடத்தில், மனம் கையில் கிடைக்கிற மிகப் பழகிய சொல்லை எடுத்து நீட்டிவிடுகிறது. எனக்கு அது "சொறி". சிலருக்கு அது ஒரு சிரிப்பு. தன்னைக் குத்தின பகிடிக்குத் தானே சேர்ந்து சிரித்துவிட்டு, பிறகு அதற்காகத் தன்னையே வெறுக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது காரணம் உடம்பு. அவமானம் மனிதருக்கு ஆபத்துப் போலவே படுகிறது. நெஞ்சு அடிக்கிறது, காது சூடாகிறது. அப்படியான அழுத்தத்தில் மூளையின் முன்பகுதி, அதாவது ஒரே நேரத்தில் நாலு விஷயத்தைப் பிடித்து வைத்து ஒழுங்குபடுத்துகிற இடம், திறன் குறைந்துபோகிறது. மிச்சமிருக்கிற கொஞ்ச இடத்தையும் "இவர்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்" என்ற எண்ணம் பிடித்துக்கொள்கிறது. 5.10, 4 மணி என்ற இரண்டு எண்களைச் சேர்த்து ஒரு வசனம் ஆக்கக்கூட அங்கே இடம் இருக்கவில்லை. பஸ்ஸில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, நேரக்கெடு இல்லை, நெஞ்சும் அடங்கிவிட்டது. புத்தி எனக்கு அங்கே புதிதாக முளைக்கவில்லை, அடைத்திருந்த வழி திறந்தது, அவ்வளவுதான்.

இதோடு ஒரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் வந்த கூரான பதில் அவ்வளவு அழகாகத் தெரிந்ததற்குக் காரணம், என் தலைக்குள் இருந்த மேலாளர் அதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. உண்மையில் அவர் வாய்க்காரர். தேநீரைப் பற்றி நான் ஏதாவது சொல்லியிருந்தால், "அட, கோபம் வருது பாருங்கோ, பகிடிக்குத்தானே சொன்னேன்" என்று அடுத்ததை எறிந்திருப்பார். பிரச்சினை கொள்கலனிலிருந்து என் கோபத்துக்கு மாறியிருக்கும். இரவு வந்த சப்பென்ற பதிலுக்கு அவரிடம் மறுபேச்சு இல்லை. அதனால் பயிற்சி செய்ய வேண்டியது இரண்டாவது வகையைத்தான் என்று முடிவெடுத்தேன். முதலாவது வகை ஆசுகவிகளின் வேலை. எனக்கு வேண்டியிருந்தது என் கொப்பியில் உள்ள உண்மையை அந்த நேரத்தில் வாய்விட்டுச் சொல்லும் வலு.

என் தாய்மாமா இளமையில் யாழ்ப்பாணத்திலும் பிறகு கொழும்பிலும் பட்டிமன்றம் பேசியவர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார், எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். அந்த வாரம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நான் எதிர்பார்த்தது ஒரு நல்ல சூடான வசனம். அவர் கேட்டதோ வேறு.

"பிள்ளை, அந்தக் கூட்டத்தின்ர குறிப்பு வந்திட்டுதோ?"

"வந்திட்டுது மாமா. ஆவணப் பிரிவின் தாமதம் என்று எழுதியிருக்கினம்."

"அடுத்த கூட்டத்திலதானே அதை வாசிச்சு ஏற்கிறது? அதுக்கு முதல் திருத்தம் சொல்ல உனக்கு உரிமை இருக்கு. பேசாமல் இருக்கிறியே."

எனக்கு அது தோன்றவே இல்லை. நேரம் போய்விட்டது, இனி வாய் திறந்தால் மனதில் வைத்திருந்து பழிவாங்குகிறாள் என்பார்கள் என்று நினைத்திருந்தேன். மறுநாள் காலை மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். "கூட்டக் குறிப்பின் நான்காம் பந்தியில் ஒரு திருத்தம். குறித்த கொள்கலனின் விவரம் ஆவணப் பிரிவுக்குக் கிடைத்தது வியாழன் மாலை 5.10க்கு, கட்-ஓஃப் 4 மணி. அந்த மின்னஞ்சலை இணைத்திருக்கிறேன்." அவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அடுத்த திங்கள் குறிப்பு திருத்தப்பட்டது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வேலை இடத்தில் நடக்கிற பல விஷயங்களுக்கு இப்படி இரண்டாவது வாசல் ஒன்று இருக்கிறது. எழுத்தில் பதிவாகிற எதற்கும் எழுத்தில் பதில் சொல்லலாம், ஒருநாள் பிந்தினாலும் அது செல்லும். உடனடிப் பதில் எதற்கு அவசியம், எதற்கு அவசியமில்லை என்று முதலில் பிரித்துவிட்டால் பாதிப் பாரம் குறைந்துவிடும். பதிவாகாமல் காற்றோடு போகிற பேச்சுக்கும், அங்கேயே முடிவெடுக்கப்படுகிற பேச்சுக்கும்தான் வேகம் தேவை.

அந்த வேகத்துக்கு மாமா சொன்ன வழி, பட்டிமன்றக்காரர் செய்வது. "நாங்கள் மேடையில யோசிச்சனாங்கள் என்று நினைக்கிறியோ? முதல்நாள் இரவு எதிரணி என்ன சொல்லும் என்று பத்து எழுதிவைப்பம். ஏழு அப்பிடியே வரும். மிச்சம் மூண்டுக்குத்தான் மேடையில யோசிக்கிறது. ஏழைப் பற்றி யோசிக்கத் தேவையில்லாதபடியால் மூண்டுக்கு நேரம் இருக்கும்."

ஆனால் அவருக்குத் தலைப்பு முன்கூட்டியே தெரியும். எனக்கு யார் எப்போது எதை எறிவார்கள் என்று தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கொப்பி வாங்கினேன். வாயடைத்துப்போன ஒவ்வொரு தடவையும் அன்றிரவே நான்கு விஷயம் எழுதினேன்: அவர் சொன்ன வசனம் அப்படியே, நான் சொன்னது, பிறகு தோன்றியது, எத்தனை மணித்தியாலம் கழித்துத் தோன்றியது. இரண்டு மாதத்தில் இருபத்துமூன்று சேர்ந்தன. வாசித்துப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. இருபத்துமூன்றும் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு இடங்கள், ஆனால் வகை நான்குதான். பகிடி போலச் சொல்லிப் பழியைப் போடுவது. நான் சொன்ன யோசனையை இன்னொருவர் தன்னுடையதாகச் சொல்வது. கலியாணம், சம்பளம், உடம்பு பற்றிச் சபையில் கேட்பது. என் மொழியைப் பிடித்துச் சிரிப்பது.

கடைசி வகை கொழும்பில் இருக்கிற தமிழருக்கு நன்றாக விளங்கும். வீட்டில் தமிழ், கூட்டத்தில் ஆங்கிலம், பஸ்ஸிலும் கந்தோர் யன்னலிலும் சிங்களம். எனக்கு மூன்றும் கதைக்க வரும். ஆனால் நெஞ்சு அடிக்கும்போது மூன்றும் ஒரே அளவில் வராது. பழகிய மொழியிலேயே ஒரு சொல்லைத் தேட நேரம் பிடிக்கும் என்றால், பிந்திப் படித்த மொழியில் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். கொப்பியில் இருந்த இருபத்துமூன்றில் பதினான்கு, தமிழ் அல்லாத மொழியில் நடந்தவை. பிறகு எனக்குத் தோன்றிய பதில்களோ, கிட்டத்தட்ட எல்லாமே தமிழில் இருந்தன. அப்படியானால் அந்தப் பதில் சரியான நேரத்தில் வந்திருந்தாலும் எனக்கு உதவியிருக்காது. ஆங்கிலத்தில் எறிந்த கல்லுக்குத் தமிழில் கட்டின பதிலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும்போது அடுத்த ஆள் கதைக்கத் தொடங்கிவிடுவார். எந்த மொழியில் அடி விழுகிறதோ அந்த மொழியிலேயே பயிற்சியும் இருக்க வேண்டும் என்பது இந்தக் கொப்பி எனக்குச் சொன்ன மிகப் பெரிய செய்தி.

வகைகள் தெரிந்த பிறகு, வகைக்கு ஒரு முதல் வசனம் தேடினேன். முழுப் பதில் வேண்டாம், வாயைத் திறக்க ஒரு வசனம் போதும். பழிக்கு: "எந்த நாளைச் சொல்றீங்க?" யோசனையை எடுத்துக்கொள்வதற்கு: "நான் போன வாரம் சொன்னதைத் தொடர்ந்து சொல்றீங்க, நல்லது." சபையில் கேட்கிற வீட்டு விஷயத்துக்கு: "அதைப் பற்றிப் பிறகு கதைப்பம்," என்று சொல்லி அவர்களுடைய பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வி. மொழிக்கு: சிங்களத்தில் "மொகக்த கிவ்வே?", அதாவது என்ன சொன்னீர்கள் என்று அமைதியாகக் கேட்பது. அல்லது "பொட்டக் இன்ன" என்று கொஞ்சம் பொறுக்கச் சொல்வது. பழிக்கான வசனத்தையும் யோசனைக்கான வசனத்தையும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தேன், ஏனென்றால் அவை விழுவது அங்கேதான்.

இவற்றில் "எந்த நாளைச் சொல்றீங்க?" என்பதை நான் எல்லாவற்றையும்விட மதிக்கிறேன். குத்தல் பேச்சுக்குப் பலம் அதன் மங்கல். "வேறு வேலையில பிஸியா இருந்திருப்பாங்க" என்பதில் நாள் இல்லை, நேரம் இல்லை, என்ன வேலை என்பதும் இல்லை. மறுக்கப் பிடி கிடைக்காது. நாளைக் கேட்டவுடன் அவர் ஒரு நாளைச் சொல்ல வேண்டும். சொன்னால் எனக்குப் பிடி கிடைக்கிறது, சொல்லாவிட்டால் பேச்சு தானாக விழுந்துவிடுகிறது. அதோடு, அவர் யோசிக்கிற அந்த மூன்று நான்கு செக்கனில் என் நெஞ்சும் கொஞ்சம் இறங்குகிறது. கேள்வி கேட்பதால் யோசிக்கும் வேலை மறுபக்கம் போகிறது.

எழுதி வைத்தால் மட்டும் வாய்க்கு வராது என்பதை அடுத்த கூட்டத்திலேயே கண்டேன். கொப்பியில் அழகாக எழுதியிருந்த வசனம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. கண்ணால் வாசித்து மனப்பாடம் செய்தது, வாய் செய்து பழகவில்லை. உளவியலாளர் பீட்டர் கொல்விட்சர் 1990களில் ஆராய்ந்து சொன்ன ஒரு முறை இங்கே உதவியது. "நான் துணிவாகப் பேசுவேன்" என்ற பொதுவான எண்ணத்தைவிட, "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று நிகழ்வையும் செயலையும் முடிச்சுப் போட்டு வைப்பது செயலில் அதிகம் பலிக்கிறது. அந்த முடிச்சில் நிகழ்வு, நிகழும்போது அடையாளம் காணக்கூடியதாக இருக்க வேண்டும். "யாராவது என்னை அவமதித்தால்" என்று எழுதினேன், பயன்படவில்லை. அவமதிப்பா இல்லையா என்று யோசிப்பதிலேயே நேரம் போய்விடும். "யாராவது என் பெயரைச் சொல்லிச் சிரித்தால், நாளைக் கேட்பேன்" என்று மாற்றினேன். சிரிப்பு காதில் விழுகிற ஒன்று, அதை அடையாளம் காண யோசிக்கத் தேவையில்லை.

பிறகு பயிற்சிக்கு ஆள் தேடினேன். அக்காவின் மகனுக்குப் பதினாறு வயது, பாடசாலை விவாத அணியில் இருக்கிறான். கொப்பியில் இருந்த வசனங்களை இருபது அட்டைகளில் எழுதி அவனிடம் கொடுத்தேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் கலைத்துவிட்டுப் பத்து அட்டை எடுப்பான். ஒவ்வொன்றையும் அந்த ஆளின் தொனியில், எழுதிய மொழியிலேயே எறிவான். நான் எழுந்து நிற்க வேண்டும், இருந்துகொண்டு சொல்லக்கூடாது. இரண்டு செக்கனுக்குள் வாய் திறக்க வேண்டும். முதல் வசனம், பிறகு ஓர் உண்மை, பிறகு நிறுத்தம். பத்து அட்டைக்கு எட்டு நிமிடம் போதும். வாரத்தில் நான்கு இரவு செய்தோம்.

முதல் வாரம் பத்தில் ஏழு தடவை தடுமாறினேன். வீட்டில், எனக்குப் பிடித்த பிள்ளை, நானே எழுதின வசனத்தைச் சொல்கிறான், அப்படியிருந்தும் வாய் உலர்ந்தது. அது நல்ல அறிகுறி என்று இப்போது நினைக்கிறேன். கொஞ்சமாவது நெஞ்சு அடிக்காத பயிற்சி, நெஞ்சு அடிக்கிற இடத்தில் கைகொடுக்காது. நான்காம் வாரத்தில் தடுமாற்றம் இரண்டாகக் குறைந்தது. அப்போதுதான் அவன் ஒரு நாள், "சித்தி, நீங்க அட்டையைப் பாடமாக்கிட்டீங்க" என்றான். சரியாகவே பிடித்தான். அன்றிலிருந்து பத்தில் மூன்று, அட்டையில் இல்லாததாக அவன் சொந்தமாக எறிய வேண்டும் என்று வைத்தோம். தடுமாற்றம் மறுபடி ஐந்துக்கு ஏறியது. உண்மையான பயிற்சி அந்த மூன்றில்தான் நடந்தது.

எனக்கு மிகக் கடினமாக இருந்தது மூன்றாவது பகுதி, நிறுத்தம். உண்மையைச் சொன்னபிறகு வாயை மூட முடியவில்லை. "விவரம் 5.10க்குத்தான் வந்தது" என்பதோடு நிற்காமல், "அதாவது நான் குறை சொல்லவில்லை, நாங்களும் கேட்டிருக்கலாம், ஆனாலும்" என்று இழுத்துக்கொண்டே போவேன். அக்காவின் மகன் அந்த "நாங்களும் கேட்டிருக்கலாம்" என்பதைக் கப்பென்று பிடித்து, "அப்ப ஏன் கேக்கேல்ல?" என்பான். நான் சேர்க்கிற ஒவ்வொரு வசனமும் அவனுக்கு ஒரு பிடி. முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு உதடும் ஒட்டியிருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டு, ஒட்டாவிட்டால் அந்த அட்டை தோல்வி என்று எண்ணினோம்.

இன்னொரு பயத்தையும் இந்தப் பயிற்சி உடைத்தது. வாய் திறக்கும் முன் வருகிற மௌனம் எனக்கு மிக நீண்டதாகத் தோன்றும், பத்துச் செக்கன் போல. அதை மறைக்கத்தான் "சொறி"யும் சிரிப்பும் அவசரமாக வந்தன. ஒருநாள் அக்காவின் மகன் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து போட்டுக் காட்டினான். பத்துச் செக்கன் என்று நான் சத்தியம் செய்த மௌனம் இரண்டரைச் செக்கன்தான். கேட்கிறபோது அது தடுமாற்றமாகவே தெரியவில்லை, யோசித்துச் சொல்கிறாள் என்றுதான் இருந்தது. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒலிப்பதிவை ஒருமுறை செய்து கேளுங்கள். அதற்குப் பிறகு, பதில் சொல்லும் முன் மூச்சை ஒருமுறை முழுதாக வெளியே விடுவதற்கு எனக்குத் தைரியம் வந்தது.

பயிற்சி தொடங்கி ஏழு வாரம் கழித்து அதே மேசை, அதே மேலாளர். ஒரு வாடிக்கையாளர் விலகிப் போனதைப் பற்றிப் பேச்சு. "ஆவணப் பகுதி வேகமாக இருந்தால் நாங்களும் வேகமாக இருப்பம்," என்று என் பெயரைச் சொல்லிச் சிரித்தார். நெஞ்சு அடித்தது, அதில் ஒரு மாற்றமும் இல்லை. மூச்சை விட்டேன். "எந்த நாளைச் சொல்றீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "பொதுவாகச் சொன்னேன்," என்றார். "அந்த வாடிக்கையாளரின் கடைசி ஐந்து ஆவணமும் கட்-ஓஃபுக்கு முதல் போயிருக்கு," என்றேன். உதட்டை ஒட்டினேன். பெரியவர் அடுத்த விஷயத்துக்குப் போனார். யாரும் கைதட்டவில்லை. குறிப்பில் ஆவணப் பிரிவின் பெயர் வரவில்லை. அன்று 100ஆம் இலக்க பஸ்ஸில் பம்பலப்பிட்டி எப்போது போனது என்றே எனக்குத் தெரியாது.

இது எங்கே உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். இரவில் தனியாக முச்சக்கர வண்டியில் போகும்போது ஓட்டுநர் தொனி மாறிக் கதைத்தால், நான் பதிலைத் தேடுவதில்லை. வெளிச்சமுள்ள இடத்தில் இறங்குவதைத்தான் தேடுகிறேன். தலைகால் தெரியாத கோபத்தில் இருக்கிறவரிடமும் அப்படியே. முதல் வசனங்கள் வேலை செய்வது, எதிராளிக்கும் சபையின் மதிப்பு தேவைப்படுகிற இடத்தில் மட்டும்.

கொப்பிக்கும் ஓர் ஆபத்து இருக்கிறது. நடந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதும் பயிற்சி போலவே தோன்றும். நான் பல இரவு அப்படி ஏமாந்தேன். வித்தியாசம் காண எனக்கு ஒரு வழி கிடைத்தது. காட்சியை ஓட்டும்போது புதிதாக ஒரு வசனம் வந்தால் அது பயிற்சி. மூன்று தடவை ஓட்டியும் புதிதாக எதுவும் வரவில்லை, கோபம்தான் கூடுகிறது என்றால் அது புண்ணைச் சொறிவது. அப்போது கொப்பியை மூடிவிடுவேன். எழுதினது நாளைக்கும் இருக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்கு வலித்த பிழை, எட்டாம் வாரத்தில் நடந்தது. எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி, "அக்கா, இந்த ஆவணம் ஏன் லேட்டாப் போனது?" என்று சிரித்த முகத்தோடு கேட்டாள். "எந்த நாளைச் சொல்றீங்க?" என்றேன், கூட்டத்தில் சொன்ன அதே குரலில். அவள் முகம் வாடிவிட்டது. அவள் கேட்டது உண்மையிலேயே தெரிந்துகொள்ள. சிரிப்பைக் கேட்டால் நாளைக் கேட்பது என்று நான் போட்ட முடிச்சு, யார் சிரிக்கிறார் என்று பார்க்கவில்லை. பழக்கம் வேகமானது, ஆள் பார்க்காது. அதற்குப் பிறகு நான்கு நாள் அவள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் பிளேன்டீ வாங்கிக் கொடுத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தடவை "சொறி" சரியான இடத்தில் வந்தது.

இப்போது மூச்சை வெளியே விடுகிற அந்த நேரத்தில் ஒன்றை மட்டும் பார்க்கிறேன்: இவருக்குப் பதில் தெரிய வேண்டுமா, அல்லது மற்றவர்கள் சிரிக்க வேண்டுமா? கேள்வி கேட்கிறவரின் கண் என்மேல் இருக்கும். கல் எறிகிறவரின் கண் பெரும்பாலும் சபையின்மேல் இருக்கும். அட்டைகளிலும் மாற்றம் செய்தோம். இருபதில் ஆறு, உண்மையான கேள்விகள். அவற்றுக்கு முதல் வசனத்தைப் போட்டால் தோல்வி, நேரான பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பிள்ளைக்குக் கதையைச் சொன்னபோது அட்டைகளைக் காட்டச் சொல்லிக் கேட்டாள். அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொண்டுபோய் ஒன்றை எறிந்தேன், பழி வகை. ஒன்பது செக்கன் பேசாமல் நின்றாள், பிறகு "சொறி அக்கா" என்றாள். சொல்லிவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டாள். திகதியையும் 9 என்பதையும் ஒரு புதுக் கொப்பியின் முதல் வரியில் எழுதச் சொன்னேன்.